பாதியில கைவிட்ட டேட்டாபேஸ் மைக்ரேஷன் பத்தி லிங்க்ட்இன்ல போட எழுதினது, படிச்சிட்டு சொல்லுங்க

கரையோரம்

எல்லாருக்கும் வணக்கம். நான் இருந்த டீம்ல ஒரு பெரிய மைக்ரேஷன் ப்ராஜெக்ட் ஓடுச்சு, பல மாசம் வேலை பார்த்தப்புறம் மேனேஜ்மெண்ட் நிறுத்திட்டாங்க. இதே மாதிரி வேலையை இப்போ யாராவது ஆரம்பிச்சிட்டு இருப்பாங்க, அவங்களுக்கு உதவும்னு லிங்க்ட்இன்ல எழுதலாம்னு இருக்கேன். கம்பெனி பேர் வராது, எழுதிக்கலாம்னு மேனேஜர்கிட்ட கேட்டும் வச்சிட்டேன்.

நடந்தது இதுதான். ஆர்டர் எல்லாம் பழைய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல இருந்துச்சு, அதை புது சர்வீஸா பிரிச்சு போஸ்ட்கிரெஸுக்கு கொண்டுபோகணும். ஆப்ளிகேஷன் ஒவ்வொரு ரைட்டையும் ரெண்டு பக்கமும் எழுதும், அதாவது டூயல் ரைட். பழைய ரோ எல்லாத்தையும் ஒரு பேக்ஃபில் ஜாப் புது பக்கம் காப்பி பண்ணும். ரெண்டும் ஒண்ணாயிட்டதும் ரீடை கொஞ்சம் கொஞ்சமா புது பக்கம் திருப்பி, கடைசியில பழசை நிறுத்துறதுன்னு ப்ளான். ரீடை ஒரு சின்ன பங்கு யூசர்களுக்கு மட்டும் திருப்பினப்போ கேன்சல் பண்ண ஆர்டர் கஸ்டமருக்கு அனுப்பப்பட்டதா கம்ப்ளெயின்ட் வர ஆரம்பிச்சுது. பார்த்தா ரெண்டு பக்கமும் டேட்டா வேற வேற. சரி பண்ண ஸ்க்ரிப்ட் ஓட்டினோம், மறுநாள் புதுசா வித்தியாசம். திரும்ப ஓட்டினோம், திரும்ப வந்துச்சு. இந்த டேட்டாவை நம்பி கட்ஓவர் பண்ண முடியாதுன்னு கடைசியில நிறுத்திட்டாங்க.

பாடம்னு நான் எழுதி வச்சிருக்கிறது: முன்னாடியே நல்லா டெஸ்ட் பண்ணணும், டீம்களுக்குள்ள பேச்சு இருக்கணும், டெட்லைன் யதார்த்தமா இருக்கணும். படிக்கிறவங்களுக்கு இது போதுமா?

---

பழைய_லாக்

நடந்ததை எழுதினது நல்லா இருக்கு, ஆனா அந்த மூணு பாடத்தையும் எடுத்துடுங்க தம்பி. எந்த ப்ராஜெக்ட் நின்னாலும் அந்த மூணையும் எழுதலாம். டூயல் ரைட் டிசைன் டாக்குமெண்ட்டை இப்போ கையில வச்சிருக்கிற ஒருத்தர் படிச்சா அதுல எந்த வரியை மாத்துவாரு? அதுக்கு பதில் இருந்தாதான் போஸ்ட் உபயோகம்.

உங்க கதையில நிஜ பாடம் "திரும்ப ஓட்டினோம், திரும்ப வந்துச்சு"ங்கிற வரியில இருக்கு. ஏன் திரும்ப வந்துச்சு? டைம்அவுட்டா, வேற ஏதாவதா? புது பக்கம் எழுதுறது ஃபெயில் ஆனா எரர் லாக் இருக்குமே, லாக்ல இருந்த எண்ணிக்கையும் டேட்டாவுல இருந்த வித்தியாசமும் பொருந்துச்சா?

---

கரையோரம்

பொருந்தலை அக்கா, அதுதான் எங்களை ரொம்ப குழப்பினது. டைம்அவுட் ஆனதை எல்லாம் ஒரு ரீட்ரை க்யூல போட்டு திரும்ப அனுப்பிட்டோம், க்யூ காலியா இருந்துச்சு. வித்தியாசம் இருந்த ஆர்டர்கள்ல பெரும்பாலானதுக்கு எந்த எரரும் இல்லை, ரெண்டு பக்க ரைட்டும் சக்சஸ்னுதான் லாக் சொல்லுது. ரோ கவுண்ட்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். அந்த கவுண்ட்டை டாஷ்போர்டுல வச்சிருந்தோம், அது பச்சையாவே இருந்ததாலதான் ரீடை திருப்ப தைரியம் வந்துச்சு.

---

வேகநடை

ப்ரோ இதுக்கு காஃப்கா போட்டிருந்தா முடிஞ்சிருக்கும், ஆப் நேரா ரெண்டு டேட்டாபேஸுக்கும் எழுதுறதே தப்பு, ஒரு ஈவெண்ட்டை காஃப்கால போடுங்க, புது சர்வீஸ் அதை எடுத்து எழுதட்டும், காஃப்கா வரிசை மாறாம குடுக்கும், எங்க இடத்துல எல்லாமே அப்படித்தான்.

---

நிலாமுற்றம்

நானும் இதே குழப்பத்துலதான் இருக்கேன். ஃபெயில் ஆன ப்ராஜெக்ட்டை ரெஸ்யூமேல போடலாமா வேண்டாமா? இன்டர்வியூல கேட்டா என்ன சொல்றது? நிறுத்திட்டாங்கன்னு சொன்னா நம்மளை குறைவா நினைக்க மாட்டாங்களா?

---

பழைய_லாக்

நிலாமுற்றம், இங்க கேள்வி ரெஸ்யூமே பத்தி இல்லம்மா. ஆனாலும் சொல்றேன், நான் இன்டர்வியூ எடுக்கிறப்போ நின்னுபோன ப்ராஜெக்ட் பத்தி பேசுறவங்ககிட்ட ஒண்ணுதான் பார்ப்பேன், எதனால நின்னுச்சுன்னு மெக்கானிசம் வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்காங்களான்னு. அது தெரிஞ்சா தாராளமா போடுங்க.

வேகநடை சொன்னதுல பாதி சரி. ஆப் ரெண்டு இடத்துல தனித்தனியா எழுதக்கூடாதுங்கிறது சரி. ஆனா ஆப் டேட்டாபேஸ்ல எழுதிட்டு காஃப்காலயும் போட்டா அதுவும் டூயல் ரைட்தான், ரெண்டாவது இடத்தோட பேர் மட்டும் மாறியிருக்கு. டேட்டாபேஸ் கமிட் ஆகி காஃப்காக்கு அனுப்புறதுக்குள்ள ப்ராசஸ் செத்தா ஈவெண்ட் போச்சு. காஃப்காவோட வரிசை ஒரு பார்ட்டிஷனுக்குள்ள மட்டும்தான். ஆர்டர் ஐடியை கீயா வைக்கலைன்னா ஒரே ஆர்டரோட ரெண்டு ஈவெண்ட் வேற வேற பார்ட்டிஷனுக்கு போயிடும். கீ வச்சாலுமே, அனுப்புற இடத்துல வரிசை மாறிடுச்சுன்னா காஃப்கா மாறின வரிசையைத்தான் பத்திரமா வச்சிருக்கும்.

கரையோரம், உங்களுக்கு நடந்ததும் வரிசை மாறினதுதான்னு நினைக்கிறேன். ஒரு ஆர்டரை எடுத்துக்கோங்க. பேமெண்ட் வந்ததும் ஒரு ரிக்வெஸ்ட் அதை paid ஆக்குது. அதே சமயத்துல கஸ்டமர் கேன்சல் அழுத்துறாரு, இன்னொரு ரிக்வெஸ்ட் அதை cancelled ஆக்குது. பழைய டேட்டாபேஸ்ல முதல்ல paid, அப்புறம் cancelled, சரியான வரிசை. இப்போ paid எழுதின த்ரெட் புது பக்கத்துக்கு போறதுக்கு முன்னாடி ஒரு கார்பேஜ் கலெக்ஷனோ நெட்வொர்க் தாமதமோ வந்து கொஞ்சம் நிக்குது. அதுக்குள்ள cancelled புது பக்கம் போய் சேர்ந்துடுது, பின்னாடியே paid வந்து அதை மேல எழுதிடுது. பழசுல cancelled, புதுசுல paid. நாலு ரைட்டும் சக்சஸ். எரர் இல்லை, ரீட்ரை க்யூல ஒண்ணும் இல்லை, ரோ கவுண்ட்டும் மாறாது. கேன்சல் ஆன ஆர்டர் அனுப்பப்பட்டதுக்கு இதைவிட பொருத்தமான விளக்கம் எனக்கு தோணலை.

இதுல உங்க ரீட்ரை க்யூவும் சேர்ந்து கெடுத்திருக்கும். டைம்அவுட் ஆன ரைட்டை ரொம்ப நேரம் கழிச்சு திரும்ப அனுப்புறீங்க, நடுவுல அதே ஆர்டருக்கு புது அப்டேட் போயிருந்தா பழைய ரைட் வந்து அதை அழிச்சிடும்.

---

கரையோரம்

அக்கா இது அப்படியே பொருந்துது. வித்தியாசம் இருந்த ஆர்டர்கள்ல நிறைய ஆர்டருக்கு ஒரு செகண்டுக்குள்ள ரெண்டு அப்டேட் இருந்துச்சுன்னு ஒருத்தர் கவனிச்சு சொன்னாரு, ஆனா அது ஏன்னு யாரும் தொடர்ந்து போகலை. அப்போ எங்க ஃபிக்ஸ் ஸ்க்ரிப்ட் ஓடினப்புறமும் புதுசா வந்தது இதனாலதான். வித்தியாசத்தை உண்டாக்குற வழி திறந்தே இருக்கு, நாங்க ரோவை மட்டும் சரி பண்ணிட்டு இருந்திருக்கோம்.

---

சின்னப்புள்ளி

நான் இன்னும் ஜூனியர், தப்பா இருந்தா சொல்லுங்க. எங்க மொபைல் ஆப்ல ஆஃப்லைன் சிங்க் இருக்கு, அங்கயும் இதே பிரச்சனை வந்து `updated_at` பார்த்து எது லேட்டஸ்ட்டோ அதை எடுத்துக்கிறோம். இங்கயும் அது போதாதா, எதுக்கு காஃப்கா எல்லாம்?

---

பழைய_லாக்

நல்ல கேள்வி. வர்ற ரைட் ஏற்கனவே இருக்கிறதைவிட பழசா இருந்தா தள்ளிவிடணும்ங்கிற யோசனை சரியானதுதான். ஆனா நேரத்தை வச்சு பழசு புதுசு சொல்றதுல ரெண்டு சிக்கல் இருக்கு. நேரத்தை ஆப் சர்வர் போட்டா ரெண்டு சர்வரோட கடிகாரம் கொஞ்சமாவது வித்தியாசப்படும், உங்க மொபைல் கேஸ்ல யூசரே கடிகாரத்தை மாத்தி வச்சிருப்பாரு. டேட்டாபேஸ் போட்டாலும் மைஎஸ்க்யூஎல்ல சும்மா DATETIME னு குடுத்தா செகண்ட் வரைக்கும்தான் சேமிக்கும், அதுக்கு கீழ வேணும்னா DATETIME(6) னு நாமளே கேக்கணும். கரையோரம் சொன்ன மாதிரி ஒரே செகண்டுல ரெண்டு அப்டேட் வந்தா ரெண்டுக்கும் ஒரே நேரம், எது முந்தினதுன்னு தெரியாது.

அதனால ஒவ்வொரு ரோவுக்கும் ஒரு வெர்ஷன் எண். பழைய டேபிள்ல ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அதே டிரான்சாக்ஷனுக்குள்ள ஒண்ணு கூடும். புது பக்கம் எழுதுறப்போ இப்படி:

```sql
INSERT INTO orders_new (id, status, amount, version)
VALUES ($1, $2, $3, $4)
ON CONFLICT (id) DO UPDATE
SET status  = EXCLUDED.status,
    amount  = EXCLUDED.amount,
    version = EXCLUDED.version
WHERE orders_new.version < EXCLUDED.version;
```

இப்போ paid வெர்ஷன் 7, cancelled வெர்ஷன் 8. எட்டு முதல்ல வந்துட்டா அப்புறம் வர்ற ஏழு எதையும் மாத்தாது. ரீட்ரை எத்தனை தடவை வந்தாலும் அதே முடிவு. ஆனா ஒண்ணு, ரைட்ல முழு ரோவும் போகணும். மாறின column மட்டும் அனுப்புற பழக்கம் இருந்தா, ஏழுல அமௌண்ட் மாறி எட்டுல ஸ்டேட்டஸ் மட்டும் மாறியிருந்தா ஏழை தள்ளிவிடுறப்போ அமௌண்ட் மாற்றமும் சேர்ந்து போயிடும்.

பேக்ஃபில் ஜாபும் கண்டிப்பா இதே குவெரி வழியாத்தான் எழுதணும். கரையோரம், உங்க பேக்ஃபில் எப்படி எழுதுச்சு?

---

கரையோரம்

பிரைமரி கீ வரிசையில சில ஆயிரம் ரோவா பழைய டேபிள்ல இருந்து படிச்சு, புது ஃபார்மேட்டுக்கு மாத்தி, மொத்தமா அப்சர்ட். இருந்தா மேல எழுதிடும். வெர்ஷன் எல்லாம் எதுவும் இல்லை.

---

பழைய_லாக்

அப்போ அது இன்னொரு ஓட்டை. படிக்கிறதுக்கும் எழுதுறதுக்கும் நடுவுல சில செகண்ட் போகுது. அந்த நேரத்துக்குள்ள லைவ் அப்டேட் வந்து புது பக்கம் சரியா எழுதியிருக்கும், பின்னாடி வர்ற பேக்ஃபில் தன்கிட்ட இருக்கிற பழைய நகலை வச்சு அதை அழிச்சிடும். உங்க ஃபிக்ஸ் ஸ்க்ரிப்ட்டும் இதே முறையில எழுதியிருந்தா அதுவே புது வித்தியாசத்தை உண்டாக்கியிருக்கும்.

டெலீட்டையும் பார்த்துக்கோங்க. பேக்ஃபில் ஒரு ரோவை படிச்சிருச்சு, அதுக்குள்ள லைவ்ல அது டெலீட் ஆகி ரெண்டு பக்கமும் போயிடுச்சு. பேக்ஃபில் வந்து பார்க்குது, புது பக்கம் ரோவே இல்லை, அதனால வெர்ஷன் சோதனையும் நடக்காது, இன்செர்ட் ஆகிடும். அழிச்ச ஆர்டர் திரும்ப உயிரோட வந்துடும். அதனால மைக்ரேஷன் முடியுற வரைக்கும் புது பக்கம் ரோவை நிஜமா அழிக்காம, `deleted` னு ஒரு அடையாளம் போட்டு வெர்ஷனையும் கூட்டி வச்சிருக்கணும்.

---

வேகநடை

சரி காஃப்கா மட்டும் போதாதுன்னு ஒத்துக்கிறேன், ஆனா அவுட்பாக்ஸ் போட்டா? ஆர்டர் டேபிள் மாறுற அதே டிரான்சாக்ஷன்ல ஒரு அவுட்பாக்ஸ் டேபிள்லயும் ஒரு ரோ போட்டுடுறது, தனி ஜாப் அதை வரிசையா எடுத்து அனுப்பும். கமிட் ஆனா ரெண்டும் ஆகும் இல்லைன்னா ரெண்டும் ஆகாது. நாங்க அப்படித்தான் பண்றோம், கடைசியா அனுப்பின ஐடியை ஞாபகம் வச்சு அதுக்கு மேல இருக்கிறதை எடுப்போம்.

---

பழைய_லாக்

அவுட்பாக்ஸ் நல்ல வழி. ஆனா "கடைசி ஐடிக்கு மேல"ங்கிறதை இன்னைக்கே போய் பாருங்க. ஆட்டோ இன்க்ரிமெண்ட் ஐடி கிடைக்கிறது இன்செர்ட் பண்றப்போ, கமிட் பண்றப்போ இல்லை. ஒரு டிரான்சாக்ஷனுக்கு 100 கிடைச்சு அது இன்னும் கமிட் ஆகாம இழுத்துட்டு இருக்கு, அடுத்ததுக்கு 101 கிடைச்சு உடனே கமிட் ஆயிடுச்சு. உங்க ஜாப் 101 ஐ பார்த்து அனுப்பிட்டு ஞாபகத்துல 101 னு வச்சுக்குது. அப்புறம் 100 கமிட் ஆகுது, அதை யாருமே எடுக்க மாட்டாங்க. லோட் கம்மியா இருக்கிறப்போ வெளியே தெரியாது, லோட் ஏறுறப்போ ஒண்ணு ரெண்டு காணாம போகும். கடைசி ஐடிக்கு பதிலா அனுப்பிட்டோம்னு ரோவுலயே குறிச்சு வைங்க, குறிக்காததை எல்லாம் எடுங்க. வரிசை முன்ன பின்ன வந்தாலும் வெர்ஷன் சோதனை பார்த்துக்கும்.

---

வேகநடை

எங்களுக்கு அப்பப்போ ஒண்ணு ரெண்டு ஈவெண்ட் வரலைன்னு கம்ப்ளெயின்ட் வரும், நெட்வொர்க்னு நினைச்சு விட்டுட்டோம். பார்த்துட்டு வந்து எழுதுறேன்.

---

திண்ணைக்காரர்

நான் ரொம்ப வருஷமா இதே வேலை பார்க்கிறேன், நேரா கேக்கிறேன். ஒரு ராத்திரி நிறுத்தி மாத்தியிருந்தா என்ன? ரைட்டை நிறுத்து, டேட்டாவை காப்பி பண்ணு, சரிபார், திருப்பு. வெர்ஷன், அவுட்பாக்ஸ், டெலீட் அடையாளம் எதுவுமே வேண்டாம். டவுன்டைமே கூடாதுன்னு யார் சொன்னா, எதை வச்சு சொன்னா? பல இடத்துல அது பிசினஸ்காரங்க கேட்டதா இருக்காது, இன்ஜினியர்களே கௌரவமா எடுத்துக்கிட்டதா இருக்கும். என்னைக் கேட்டா உங்க போஸ்ட்ல முதல் பாடம் இதுதான்.

---

கரையோரம்

சார், டவுன்டைம் கூடாதுங்கிறது டிசைன் டாக்குமெண்ட்டோட முதல் வரியிலயே இருந்துச்சு, அது எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கு தெரியலை. டேட்டா அளவை பார்த்தா முழு காப்பிக்கு பல மணி நேரம் ஆகும், ஆனா பழைய முடிஞ்ச ஆர்டர்களை முன்னாடியே கொண்டுபோய் வச்சிட்டு, மாறக்கூடிய ஆர்டர்களை மட்டும் நிறுத்துற நேரத்துல காப்பி பண்ணியிருக்கலாம். இப்போ யோசிச்சா அது முடிஞ்சிருக்கும்னுதான் தோணுது.

---

பழைய_லாக்

திண்ணைக்காரர் சார் சொல்றதை நான் பாதிதான் ஒத்துக்குவேன். நிறுத்தி மாத்துறதுல டேட்டா காப்பி சுலபம், ஆனா காலையில திறந்தப்புறம் புது சர்வீஸ்ல பிரச்சனைன்னா என்ன பண்ணுவீங்க? புது ஆர்டர் எல்லாம் புது பக்கம் மட்டும்தான் இருக்கும், பழசுக்கு திரும்பினா அதெல்லாம் போச்சு. திரும்பி வர வழி வேணும்னா புதுசுல இருந்து பழசுக்கு மாற்றங்களை அனுப்பிட்டே இருக்கணும், அப்போ இதே ஒத்திசைவு பிரச்சனை திசை மாறி வரும். ஆனா அப்போ எழுதுற இடம் ஒண்ணுதானே, அதனால வரிசைக் குழப்பம் குறையும், அது உண்மை.

---

திண்ணைக்காரர்

திரும்புறதுக்கு ஒரு கெடு வைப்பேன். இத்தனை மணிக்குள்ள முடிவு, அதுக்குள்ள வந்த ஆர்டரை கையால திரும்ப ஏத்த ஒரு ஸ்க்ரிப்ட் ரெடியா இருக்கும். நான் அப்படி செஞ்சிருக்கேன். எண்ணிக்கை பெருசா இருந்தா இது கஷ்டம், அதை மறுக்கலை.

---

கரையோரம்

இன்னொரு விஷயம் சொல்ல விட்டுட்டேன். வித்தியாசம் வந்ததுல ஒரு பகுதிக்கு காரணம் உடனே கிடைச்சிடுச்சு. மாசக் கடைசியில ஓடுற ஒரு பேட்ச் ஜாப், அப்புறம் சப்போர்ட் டீம் வச்சிருந்த அட்மின் ஸ்க்ரிப்ட், ரெண்டும் ஆப் வழியா வராம நேரா பழைய டேட்டாபேஸ்ல எழுதிட்டு இருந்துச்சு. டூயல் ரைட் கோடு ஆப்ல இருக்கு, அதனால இது எதுவும் புது பக்கம் போகலை. அந்த ஸ்க்ரிப்ட் இருக்கிறதே எங்க டீம்ல யாருக்கும் தெரியாது.

---

பழைய_லாக்

இதை போஸ்ட்ல கட்டாயம் எழுதுங்க, பழைய டேட்டாபேஸ் எல்லாத்துலயும் இப்படி யாரோ ஒருத்தர் பின்வாசல் வழியா எழுதிட்டுதான் இருப்பாரு. கண்டுபிடிக்க ஒரு நேர் வழி இருக்கு. ஆப்புக்கு தனி டேட்டாபேஸ் யூசர் குடுத்துட்டு, மத்த யூசர்களுக்கு அந்த டேபிள்ல எழுதுற உரிமையை எடுத்துடுங்க. எது உடையுதோ அதுதான் உங்களுக்கு தெரியாத எழுத்தாளர். பேட்ச் ஜாபுக்காக ஒரு முழு மாசக் கடைசி கடந்து போகணும்.

உரிமையை எடுக்க முடியாதுன்னா ஆப்ல டூயல் ரைட்டே வேண்டாம், மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வைக்கிற பைன்லாக்ல இருந்து மாற்றத்தை படிங்க, டெபீசியம் மாதிரி ஒண்ணை வச்சு. கமிட் ஆன வரிசையிலயே வரும், யார் எழுதினாலும் வரும். பைன்லாக் ரோ ஃபார்மேட்ல இருக்கணும், 5.7.7 ல இருந்து அதுதான் டீஃபால்ட், ஆனா பழைய சர்வர்ல யாராவது கான்ஃபிக்ல மாத்தி வச்சிருக்கலாம், பாருங்க. பைன்லாக்கை எவ்வளவு நாள் வச்சிருக்காங்கன்னும் பாருங்க. 8.0 ல டீஃபால்ட் 30 நாள், இடம் போதலைன்னு அதை சில மணி நேரமா குறைச்சு வச்சிருப்பாங்க. உங்க கன்ஸ்யூமர் அதைவிட அதிக நேரம் நின்னுட்டா விட்ட இடத்துல இருந்து தொடர முடியாது, முதல்ல இருந்து ஸ்னாப்ஷாட் எடுக்கணும்.

---

சின்னப்புள்ளி

அப்படி பண்ணா புது பக்கம் கொஞ்சம் பின்தங்கி இருக்குமே. யூசர் கேன்சல் பண்ணிட்டு உடனே பேஜை ரெஃப்ரெஷ் பண்ணா புது பக்கம் இன்னும் paid னு காட்டாதா?

---

பழைய_லாக்

காட்டும். பைன்லாக் வழிக்கு குடுக்கிற விலை அதுதான். இப்போ எழுதின யூசருக்கு மட்டும் கொஞ்ச நேரம் பழைய பக்கத்துல இருந்து படிக்கிற மாதிரி வைக்கலாம், இல்லைன்னா முதல்ல ரிப்போர்ட், ஹிஸ்டரி பேஜ் மாதிரி கொஞ்சம் தாமதம் தாங்கக்கூடிய ரீடை மட்டும் திருப்பலாம். முழு தீர்வுன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது, ஒவ்வொரு ஸ்க்ரீனா உக்காந்து முடிவு பண்ண வேண்டியதுதான்.

---

கரையோரம்

ரோ கவுண்ட் எங்களை ஏமாத்திடுச்சுன்னு புரியுது. அப்போ எதை பார்த்திருக்கணும்? ஒவ்வொரு ரோவா கம்பேர் பண்ணோம், ஆனா அது பொய்யான வித்தியாசம் ஏகப்பட்டது காட்டுச்சு, அதனால யாரும் அதை நம்பாம போயிட்டாங்க.

---

பழைய_லாக்

பொய்யான வித்தியாசம் ரெண்டு காரணத்தால வரும். ஒண்ணு, ரெண்டு டேட்டாபேஸும் ஒரே மதிப்பை வேற மாதிரி வச்சிருக்கும். ஒரு பக்கம் NULL, இன்னொரு பக்கம் காலி ஸ்ட்ரிங். ஒரு பக்கம் 100.0, இன்னொரு பக்கம் 100.00. நேரத்துல டைம்ஸோன். மைஎஸ்க்யூஎல்ல பழைய டேட்டாவுல 0000-00-00 னு தேதி இருக்கும், போஸ்ட்கிரெஸ் அதை வாங்கவே வாங்காது, பேக்ஃபில் எழுதினவர் அதை NULL ஆ மாத்தியிருப்பாரு. கம்பேர் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்கு கொண்டுவரணும். பேக்ஃபில் என்னென்ன மாத்துச்சோ அதே விதிகளை இங்கயும் எழுதணும்.

ரெண்டாவது, நீங்க படிக்கிற நேரத்துல பயணத்துல இருக்கிற ரோ. அதுக்கு ஒரு ரோ வித்தியாசமா தெரிஞ்சா உடனே கணக்குல எடுக்காம ஒரு லிஸ்ட்ல வச்சு, சில நிமிஷம் கழிச்சு அதை மட்டும் திரும்ப பாருங்க. அப்பவும் வித்தியாசமா இருந்தாதான் அது நிஜம். பெரிய டேபிள்ல ஒவ்வொரு ரோவையும் நெட்வொர்க்ல இழுக்காம, ஐடி ரேஞ்சா பிரிச்சு ஒரே மாதிரி ஹாஷ் எடுத்து, ஹாஷ் பொருந்தாத ரேஞ்சுக்குள்ள மட்டும் இறங்கி பாருங்க.

இந்த கம்பேர் ஜாபை டூயல் ரைட் எழுதுறதுக்கு முன்னாடியே எழுதணும். ரீடை திருப்புறதுக்கு முன்னாடி நிஜ வித்தியாசம் பூஜ்யத்துக்கு வந்து, யாரும் ஃபிக்ஸ் ஸ்க்ரிப்ட் ஓட்டாமயே அங்கயே நிக்கணும். ஸ்க்ரிப்ட் ஓட்டினா பூஜ்யம், ஓட்டலைன்னா ஏறுதுன்னா ஓட்டை இன்னும் திறந்திருக்குன்னு அர்த்தம். உங்க ப்ராஜெக்ட் அந்த நிலையிலதான் இருந்துச்சு.

---

கரையோரம்

இப்படி மாத்தியிருக்கேன். லிங்க்ட்இன்ல ஒரு போஸ்ட்டுக்கு 3000 எழுத்துதான், அதனால ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கிட்டேன். டவுன்டைம் விவாதத்தையும் அவுட்பாக்ஸையும் விட்டுட்டேன்.

"ஆர்டர் டேட்டாபேஸை மாத்துற ப்ராஜெக்ட்டை எங்க டீம் பாதியில நிறுத்துச்சு. எல்லா ரைட்டும் சக்சஸ், ரோ கவுண்ட் ரெண்டு பக்கமும் ஒண்ணு, ஆனாலும் கேன்சல் ஆன ஆர்டர் அனுப்பப்பட்டுச்சு. காரணம் இது: ஆப் ரெண்டு டேட்டாபேஸுக்கும் தனித்தனியா எழுதுறப்போ, ஒரே ஆர்டருக்கு கிட்டத்தட்ட ஒரே நேரத்துல வர்ற ரெண்டு அப்டேட் ரெண்டு பக்கமும் வேற வேற வரிசையில போய் சேரலாம். அதுல எரர் எதுவும் வராது. ஃபிக்ஸ் ஸ்க்ரிப்ட் ஓட்டினா வித்தியாசம் போகும், மறுநாள் திரும்ப வரும். நீங்க இப்போ டூயல் ரைட் பண்ணிட்டு இருந்தா ஒரு சோதனை பண்ணுங்க. ஃபிக்ஸ் ஸ்க்ரிப்ட்டை நிறுத்திட்டு, ஒரு செகண்டுக்குள்ள ரெண்டு அப்டேட் வாங்கின ரோக்களை மட்டும் எடுத்து ரெண்டு பக்கமும் ஒப்பிடுங்க. வித்தியாசம் இருந்தா ரோவுக்கு ஒரு வெர்ஷன் எண் வைங்க, பழைய வெர்ஷன் வந்தா புது பக்கம் தள்ளிவிடட்டும், பேக்ஃபில்லும் அதே விதியில எழுதட்டும். உங்க ஆப் வழியா வராம அந்த டேபிள்ல எழுதுற பேட்ச் ஜாபும் ஸ்க்ரிப்ட்டும் இருக்கான்னு ரைட் உரிமையை வச்சு கண்டுபிடிங்க."

---

நிலாமுற்றம்

எனக்கு டேட்டாபேஸ் அவ்வளவா தெரியாது, ஆனா இப்போ என்ன நடந்துச்சுன்னு புரியுது. முதல்ல எழுதினதுல புரியலை.

---

பழைய_லாக்

நல்லா வந்திருக்கு. ஒரு திருத்தம். பேட்ச் ஜாபும் ஸ்க்ரிப்ட்டும் வெர்ஷன் எண்ணை கூட்டாது, ஆப் மட்டும் கூட்டினா அந்த மாற்றம் எல்லாம் பழைய வெர்ஷனாவே தெரிஞ்சு புது பக்கம் தள்ளிவிடப்படும். வெர்ஷனை பழைய டேபிள்ல ஒரு டிரிகர் வச்சு கூட்டணும்னு ஒரு வரி சேருங்க:

```sql
CREATE TRIGGER orders_ver BEFORE UPDATE ON orders
FOR EACH ROW SET NEW.version = OLD.version + 1;
```

---

திண்ணைக்காரர்

டிரிகர் போடுறப்போ ரைட் எவ்வளவு மெதுவாகுதுன்னு முதல்ல அளந்து பார்க்க சொல்லுங்க, பெரிய பேட்ச் அப்டேட்ல அது தெரியும். அந்த டவுன்டைம் கேள்வியை விட்டதுல எனக்கு இன்னும் சம்மதம் இல்லை, அதை தனி போஸ்ட்டா எழுதுங்க.

---

கரையோரம்

டிரிகர் வரியும் அளந்து பார்க்கணும்ங்கிறதும் சேர்த்துட்டேன் சார். டவுன்டைம் கூடாதுன்னு முதல்ல யார் கேட்டாங்கன்னு பழைய மெயில்ல தேடிட்டு இருக்கேன், கிடைச்சா தனியா எழுதுறேன்.

---

வேகநடை

எங்க அவுட்பாக்ஸை பார்த்தேன். அனுப்பப்படாத ரோ இருக்கு, எல்லாமே பக்கத்து ஐடியைவிட லேட்டா கமிட் ஆனது. இன்னைக்கு அனுப்பின அடையாளம் வச்சு மாத்துறோம், ஏற்கனவே விட்டுப்போனதை இப்போ அனுப்பலாமா இல்லை வாங்குற பக்கம் வெர்ஷன் சோதனை வந்தப்புறம்தான் அனுப்பணுமா?

---

பழைய_லாக்

சோதனை வந்தப்புறம்தான். இப்போ அனுப்பினா பழைய ஈவெண்ட் போய் புது நிலையை அழிச்சிடும். அதுவரைக்கும் அந்த ரோ எதையும் க்ளீனப் ஜாப் அழிக்காம பார்த்துக்கோங்க.